மீட்டிங் நேரத்தை மாத்துங்க, ஆளைக் காட்டாதீங்க: நோன்பு மாதத்துக்கு ஒரு டீம் காலண்டர்

மல்லாங்கிணறில் இருந்து பேசுறேன். விருதுநகரில் இருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கிற ஊர். இங்கே வீட்டு மாடியில் உட்கார்ந்துதான் நான் ஆபீஸ் வேலையும் பார்க்கிறேன், இந்த பாட்காஸ்டும் பதிவு பண்ணுறேன்.

இன்னைக்கு விஷயம் ரொம்பச் சின்னது. ரமலான் மாதத்தில் டீம் மீட்டிங்கை எந்த நேரத்தில் வைக்கிறது, அதை எப்படி முன்மொழியறது? பதில் சுலபம்னு தோணும்: "நோன்பு வைக்கிறவங்களைக் கேட்டுட்டு அவங்களுக்கு வசதியா மாத்திடலாமே." அந்த "அவங்களைக் கேட்டுட்டு" என்கிற இடத்தில்தான் சிக்கலே இருக்கு. நல்ல மனசோட கேட்டாலும் ஒரு ஆளை எல்லார் முன்னாடியும் எழுப்பி நிறுத்துற மாதிரி ஆயிடும். அப்படி ஆகாம மாத்துறதுக்கு ஒரு வழி இருக்கு. 2025 மார்ச்சில் எங்க டீமுக்கு நான் போட்ட காலண்டரை வச்சு அதைச் சொல்றேன்.

முதல்ல டீமைப் பற்றி. ஒன்பது பேர். சென்னை ஆபீஸில் நாலு பேர், பெங்களூரில் ரெண்டு பேர், நியூ ஜெர்சியில் ரெண்டு பேர், இங்கே நான். இதில் எத்தனை பேர் நோன்பு வைக்கிறாங்கன்னு இந்த எபிசோட் முழுக்க நான் சொல்லப்போறதில்லை. ரகசியம்னு இல்லை. நான் போட்ட கணக்குக்கு அந்த எண்ணிக்கை தேவைப்படவே இல்லை. ஏன்னு போகப் போகப் புரியும்.

நோன்பு நாளின் கடிகாரம்

நேரம் தெரியாம நேரத்தை மாத்த முடியாது. அதனால ஒரு நோன்பு நாள் எப்படி நகருதுன்னு பார்த்துடுவோம்.

2025-ல் இந்தியாவில் நோன்பு தொடங்கினது மார்ச் 2, ஞாயிற்றுக்கிழமை. பெருநாள் மார்ச் 31, திங்கட்கிழமை. விருதுநகர் பக்கம் மார்ச் நடுவில் சூரியன் உதிக்கிறது ஏறக்குறைய காலை 6:25-க்கு. ஆனா நோன்பு தொடங்குறது சூரிய உதயத்தில் இல்லை, அதுக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல முன்னாடி, விடியலின் முதல் வெளிச்சத்தில். அதாவது சுமார் 5:10. அதுக்குள்ள சஹர் சாப்பாடு முடிஞ்சிருக்கணும். சமைச்சு, சாப்பிட்டு முடிக்கணும்னா நாலு மணிக்காவது எழுந்திரிக்கணும். விடியல் தொழுகை முடிச்சிட்டு பலர் ஒரு ரெண்டு மணி நேரம் மறுபடி தூங்குவாங்க. ராத்திரித் தொழுகை முடிஞ்சு படுக்கவே பதினொண்ணு ஆகியிருக்கும் இல்லையா, அந்தத் தூக்கக் கணக்கு அங்கேதான் சரியாகும்.

அதுக்கப்புறம் சூரியன் மறையற வரைக்கும் சாப்பாடும் கிடையாது, தண்ணியும் கிடையாது. இந்த "தண்ணியும்" பலருக்குத் தெரியாது. மார்ச் மாசம் எங்க ஊர் வெயில் உங்களுக்குத் தெரியும். ஒன்றரை மணி நேரம் தொடர்ந்து பேச வேண்டிய ஒரு டிசைன் ரிவ்யூவை சாயங்காலம் நாலு மணிக்கு வச்சா, தொண்டை வறண்டு போன ஒருத்தர் அதில் வாதாட மாட்டார். "சரி, அப்படியே பண்ணிடலாம்"னு விட்டுடுவார். அந்த டிசைன் அப்படியே உறுதியாகிடும். அவர் சோர்வு ஒரு பக்கம். டீமுக்கு ஒரு நல்ல மறுப்பு கிடைக்காம போச்சே, அது இன்னொரு நஷ்டம்.

சூரிய அஸ்தமனத்துக்கு வருவோம். நம்ம தென் தமிழ்நாட்டுக்கு ஒரு வசதி இருக்கு. நாம நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறதால், அந்த மார்ச் மாசம் முழுக்க மல்லாங்கிணறில் அஸ்தமனம் 6:28, 6:30-ன்னு ஒரே இடத்தில்தான் நின்னுச்சு. லண்டனில் அதே மாசத்தில் அஸ்தமனம் ஏறக்குறைய முக்கால் மணி நேரம் நகரும். சென்னை நமக்குக் கிழக்கே இருக்கிறதால் அங்கே பத்து நிமிஷம் முன்னாடி, சுமார் 6:20. பெங்களூர் ஏறக்குறைய நம்ம நேரம். ஆக, ஏழு இந்திய ஆட்களுக்கும் சேர்த்து ஒரே ஜன்னல் போதும்: 6:15 முதல் 7:10 வரை. நோன்பு திறக்க, பேரீச்சம்பழம், தண்ணி, ஒரு கிண்ணம் நோன்புக் கஞ்சி, மஃரிப் தொழுகை. எல்லாம் இதுக்குள்ள வந்துடும். அப்புறம் இரவுத் தொழுகையும் தராவீஹும். அது பள்ளிவாசலுக்குப் பள்ளிவாசல் நேரம் மாறும். பொதுவா எட்டு, எட்டேகாலுக்கு மேலன்னு வச்சுக்கலாம். வெள்ளிக்கிழமை மதியம் ஜும்ஆ, அது ரமலான் மட்டுமில்லை, வருஷம் முழுக்க உண்டு. பன்னிரண்டு மணிக்கெல்லாம் கிளம்ப வேண்டியிருக்கும்.

6:30-க்கு வந்து உட்கார்ந்த மீட்டிங்

இப்போ உண்மையான சிக்கல். எங்களுக்கு செவ்வாய், வியாழன் ரெண்டு நாளும் நியூ ஜெர்சியோட அரை மணி நேர மீட்டிங். அவங்களுக்குக் காலை 9 மணி. நமக்கு ராத்திரி 7:30. அந்த நேரத்தில் பெரிய தொந்தரவு இல்லை.

ஆனா அமெரிக்காவில் ஒவ்வொரு மார்ச் மாசமும் ரெண்டாவது ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளி வைப்பாங்க. 2025-ல் அது மார்ச் 9. நோன்பு தொடங்கி சரியா ஒரு வாரம். மீட்டிங் அமெரிக்க நேரத்தில் பூட்டியிருந்ததால், அவங்களுக்கு அதே 9 மணிதான். நமக்கு மட்டும் 7:30 என்கிறது 6:30-ஆ மாறிடும். அதாவது மார்ச் 11, செவ்வாய்க்கிழமையில் இருந்து அந்த மீட்டிங், சூரியன் மறையற அதே நிமிஷத்தில் வந்து உட்காரும்.

இதில் கெட்ட எண்ணம் யாருக்கும் கிடையாது. யாரும் அந்த நேரத்தைத் தேர்ந்தெடுக்கவே இல்லை. காலண்டர் தானா நகர்த்தினது. ஆனா நோன்பில் இருக்கிற ஒருத்தர் என்ன பண்ணுவார்னு யோசிங்க. பதிமூணு மணி நேரத்துக்கும் மேல காத்திருந்த பிறகு, கேமராவை அணைச்சு, மைக்கை அணைச்சு, ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கிட்டு "இல்ல, கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்"னு டைப் அடிப்பார். வீட்டில் எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்திருக்க, இவர் மட்டும் ஹெட்போனோட அடுத்த அறையில். "எனக்கு இந்த நேரம் ஒத்து வராது"ன்னு அவர் ஏன் சொல்லலைன்னு நாம கேட்கலாம். சொல்றதுக்கு என்ன விலைன்னு பார்த்தாதான் அது புரியும்.

"உனக்காக மாத்தணுமா?"

நான் முன்னாடி வேலை பார்த்த ஒரு கம்பெனியில் ஒரு மேனேஜர் இருந்தார். நல்ல மனுஷன்தான். இருபது பேர் இருக்கிற காலில், ஒரு பையனின் பேரைச் சொல்லி, "நீ நோன்புதானே? உனக்காக இந்த மீட்டிங்கை மாத்தணுமா?"ன்னு கேட்டார். அவன், "இல்ல சார், பரவாயில்ல"ன்னான். வேற என்ன சொல்லுவான்? மறுநாள் மேனேஜரே மாத்திட்டார். அன்னைக்கு ராத்திரி ஒன்பது மணிக்கு மீட்டிங் போச்சு. அந்த மாசம் முழுக்க, யாருக்கு எந்த அசௌகரியம் வந்தாலும் "அவனுக்காகத்தானே ஒன்பது மணி"ன்னு ஒரு பேச்சு ஓடுச்சு. அவன் கேட்காத ஒரு கடன் அவன் பேரில் எழுதப்பட்டுடுச்சு. அடுத்த வருஷம் அவன் வாயே திறக்கலை.

இன்னொரு விஷயம், இது அதைவிட முக்கியம். முஸ்லிம் பேர் இருக்கிற எல்லாரும் எல்லா நாளும் நோன்பில் இருப்பாங்கன்னு அர்த்தம் இல்லை. உடம்பு சரியில்லாதவங்களுக்கும், பயணத்தில் இருக்கிறவங்களுக்கும் மார்க்கத்திலேயே விலக்கு இருக்கு. கர்ப்பமா இருக்கிறவங்க, பால் கொடுக்கிறவங்க விட்டுட்டுப் பிறகு ஈடு செய்யலாம். மாதவிடாய் நாட்களில் பெண்கள் நோன்பு வைக்கிறதில்லை, அதைப் பிறகு வச்சுக்குவாங்க. இப்போ டீமில் இருக்கிற ஒரு பொண்ணுகிட்ட, "இன்னைக்கு நோன்பா?"ன்னு நாம சாதாரணமா கேட்டோம்னு வைங்க. அவங்க "இல்லை"ன்னு சொன்னா அதோட சேர்த்து வேற என்ன சொல்ல வேண்டி வருதுன்னு பாருங்க. சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுக்கிற ஒருத்தர், அதை ஆபீஸில் யார்கிட்டயும் சொல்லாம இருக்கலாம். இந்தக் கேள்வி அதையும் வெளியே இழுத்துடும். வீட்டில் நம்பிக்கை இல்லாம வளர்ந்த ஒருத்தருக்கு அந்தக் கேள்வியே எரிச்சலா இருக்கும்.

அதனாலதான் எண்ணிக்கை தேவையில்லைன்னு சொன்னேன். யார் நோன்புன்னு தெரிஞ்சுக்கிட்டு அதுக்கேத்த மாதிரி நேரம் போட்டா, அந்தக் கேள்வியைத் தினமும் கேட்க வேண்டி வரும். யார் நோன்பா இருந்தாலும் சரிப்படுற மாதிரி நேரத்தைப் போட்டுட்டா, ஒரு தடவைகூட கேட்க வேண்டாம்.

வாக்கெடுப்பு வச்சா என்னன்னு கேட்பீங்க. ஒன்பது பேரில் எட்டுப் பேருக்கு 6:30 வசதின்னா, வாக்கெடுப்பு 6:30-ன்னுதான் சொல்லும். பேர் இல்லாத வாக்கெடுப்பாவே இருந்தாலும், அந்த ஒரே ஒரு எதிர் வாக்கு யாரோடதுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிடும்.

தெலங்கானா ஒரு விதம், அமீரகம் ஒரு விதம்

இதே பிரச்சினையை அரசாங்கங்கள் எப்படிப் பார்க்கிறாங்கன்னு ரெண்டு உதாரணம். 2025 பிப்ரவரியில் தெலங்கானா அரசு ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. இஸ்லாமிய அரசு ஊழியர்கள், ஆசிரியர்கள், ஒப்பந்தப் பணியாளர்கள் எல்லாரும் மார்ச் 2 முதல் 31 வரை மாலை 4 மணிக்கே கிளம்பலாம். அவசரப் பணி இருந்தா மட்டும் இருக்கணும். அங்கே இது பல வருஷமா இருக்கிற நடைமுறை. ஆனா மதத்தைச் சொல்லி ஆணை வந்ததால், "மத்தவங்களுக்கு ஏன் இல்லை?"ன்னு அரசியலில் சத்தமும் வந்துச்சு.

ஐக்கிய அரபு அமீரகத்தில் வேற மாதிரி. அங்கே தனியார் நிறுவனங்களில் ரமலான் மாதத்தில் தினசரி வேலை நேரம் ரெண்டு மணி நேரம் குறையும். நோன்பு வைக்கிறவர், வைக்காதவர், முஸ்லிம், இந்து, கிறிஸ்தவர் எல்லாருக்கும் ஒரே குறைப்பு. துபாயில் வேலை பார்க்கிற நம்ம ஊர்க்காரங்க யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க.

ஒரு சின்ன டீமுக்கு ரெண்டாவது வழிதான் சரின்னு நினைக்கிறேன். காரணம், மீட்டிங் என்கிறது சேர்ந்து முடிவெடுக்கிற இடம். ஒருத்தருக்கு 4 மணிக்குக் கிளம்ப அனுமதி கொடுத்துட்டு, மத்தவங்க 4:30-க்கு உட்கார்ந்து முடிவெடுத்தா, அவருக்கு நேரம் கிடைச்சது, முடிவில் பங்கு போச்சு. வேலை நேரத்தை ரெண்டு மணி நேரம் குறைக்கிற அதிகாரம் நம்ம கையில் இல்லை. ஆனா மீட்டிங் இருக்கிற நேரத்தை எல்லாருக்குமா நகர்த்துற அதிகாரம் இருக்கு.

நாலு மாற்றம்

பிப்ரவரி மூணாவது வாரத்தில், நோன்புக்குப் பத்து நாள் முன்னாடியே, காலண்டரில் மறுபடி மறுபடி வர்ற மீட்டிங்கை மட்டும் எடுத்துப் பார்த்தேன். நாலுதான் இருந்துச்சு.

முதலாவது, தினசரி ஸ்டாண்டப். காலை 9 மணிக்கு இருந்ததைப் பத்து மணிக்கு நகர்த்தினோம். சஹருக்கு எழுந்தவங்க மறுபடி தூங்கி எழுந்து ஆபீஸ் வர்றதுக்கு அந்த ஒரு மணி நேரம் உதவும். ஓஎம்ஆர் டிராஃபிக்கில் வர்ற நாலு பேருக்கும் சந்தோஷம்தான்.

ரெண்டாவது, டிசைன் ரிவ்யூ. புதன்கிழமை மாலை 4 முதல் 5:30 வரை இருந்தது. அதை அதே புதன்கிழமை காலை 10:30 முதல் 12-க்குக் கொண்டு வந்தோம். அதிகம் பேச வேண்டிய, அதிகம் யோசிக்க வேண்டிய மீட்டிங் எல்லாம் காலையில். மதியத்துக்கு மேல தனியா உட்கார்ந்து கோடு எழுதுற நேரம். சாயங்காலம் மீட்டிங் வைக்க வேண்டிய கட்டாயம் வந்தாலும் 4:45-க்கு முடிஞ்சுடணும். இதில் தொடக்க நேரத்தைவிட முடியற நேரம் முக்கியம். சென்னையில் ஆபீஸில் இருந்து 5 மணிக்குக் கிளம்பினாதான் 6:20-க்குள் வீட்டுக்குப் போக முடியும். 4:30 மீட்டிங் 5:20 வரை இழுத்தா, அவர் நோன்பு திறக்கிறது நடுரோட்டில், பஸ்ஸில்.

மூணாவது, வெள்ளிக்கிழமை மதியம் 12:30 டெமோ. அதைக் காலை 11 மணிக்கு மாத்தினோம். இதைத் திருப்பி மாத்தவே இல்லை, வருஷம் முழுக்க அப்படியே இருக்கு.

நாலாவது அந்த நியூ ஜெர்சி மீட்டிங். இதுக்கு ஒரு சின்ன வேலைதான். காலண்டரில் ஒரு மீட்டிங்கைத் திறந்தா, நேரத்துக்குப் பக்கத்தில் டைம் ஸோன் தேர்வு இருக்கும். எங்க மீட்டிங் America/New_York-ல் பூட்டியிருந்துச்சு. அதை Asia/Kolkata-வுக்கு மாத்தி, ராத்திரி 7:15-ன்னு போட்டோம். இந்தியாவில் கடிகாரம் மாறாது. அதனால 7:15 எப்பவும் 7:15. நோன்பு திறந்து, தொழுது முடிச்சு, நிதானமா வந்து உட்காரலாம். 7:45-க்கு முடிஞ்சா தராவீஹுக்குப் போறவங்களுக்கும் நேரம் இருக்கு.

அமெரிக்கப் பக்கம் என்ன ஆகும்? மார்ச் 4, 6 ரெண்டு நாளும் அவங்களுக்குக் காலை 8:45. கடிகாரம் மாறின பிறகு, மார்ச் 11-ல் இருந்து 9:45. அங்கே ஒருத்தருக்குக் காலையில் குழந்தையை ஸ்கூல் பஸ் ஏத்தி விடுற வேலை. 8:45 கொஞ்சம் இடிக்கும். ஆனா அது ரெண்டே மீட்டிங். மிச்ச மாசம் முழுக்க 9:45 அவருக்கு முன்னாடி இருந்ததைவிட நல்ல நேரம். இந்தக் கணக்கை மறைக்காம முன்மொழிவிலேயே எழுதிட்டோம். எந்த மாற்றத்திலும் யாரோ ஒருத்தர் கொஞ்சம் கொடுக்கணும். எவ்வளவு, எத்தனை நாள்னு முன்னாடியே தெரிஞ்சா யாரும் முகம் சுளிக்கிறதில்லை.

முன்மொழிவை எழுதுறது

இதை டீம் குரூப்பில் எப்படி எழுதினோம்? ஏறக்குறைய இப்படி:

"மார்ச் 3 முதல் ஏப்ரல் 4 வரை மீட்டிங் நேரங்களை மாற்றலாம் என்று நினைக்கிறேன். இந்த மாதத்தில் அமெரிக்கக் கடிகார மாற்றம், ரமலான், தவக்காலம், நிதியாண்டு முடிவு எல்லாம் ஒன்றாக வருகின்றன. காலை 10-க்கு முன்பும், இந்திய நேரம் மாலை 4:45 முதல் 7:15 வரையிலும் மீட்டிங் வேண்டாம். நியூ ஜெர்சிக்கு மார்ச் 4, 6 மட்டும் 8:45, பிறகு 9:45. யாருக்காவது ஒத்து வராத நேரம் இருந்தால் வியாழக்கிழமைக்குள் எனக்குத் தனியாகச் சொல்லுங்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை."

இதில் ரமலான் என்கிற வார்த்தையை எடுத்துடலாமான்னு ஒரு நண்பர் கேட்டார். வேண்டாம்னு சொன்னேன். மாதத்தின் பேரைச் சொல்றதில் ஒண்ணும் தப்பில்லை. ஆளின் பேரைச் சொல்றதுதான் தப்பு. மாதத்தையும் மறைச்சா, அது ஏதோ கிசுகிசுக்கிற விஷயம் மாதிரி ஆயிடும். அதே நேரம், பட்டியலில் இருக்கிற மத்த காரணங்கள் அலங்காரத்துக்கு எழுதினதில்லை, எல்லாமே உண்மை. அந்த வருஷம் கிறிஸ்தவங்களுக்குச் சாம்பல் புதன் மார்ச் 5. எங்க பக்கம் பங்குனி பிறந்தா விருதுநகர் பராசக்தி மாரியம்மன் கோவில் பொங்கலுக்கு விரதம் இருக்கிறவங்க வேற. மூணு விதமான விரதமும் ஒரே மாசத்தில் ஒண்ணு மேல ஒண்ணு வர்ற ஊர் இது. சாயங்கால நேரத்தைக் காலியா விட்டா, யாருக்கு எதுக்காக உதவுதுன்னு வெளியில் தெரியவே தெரியாது. ஒருத்தர் நோன்பு திறப்பார், ஒருத்தர் கோவிலுக்குப் போவார், ஒருத்தர் டியூஷனில் இருந்து குழந்தையைக் கூப்பிட்டு வருவார்.

கடைசி வரி, "காரணம் சொல்ல வேண்டியதில்லை", அதுதான் முழு முன்மொழிவுக்கும் ஆதாரம். ஒரு தடவை காரணம் கேட்டீங்கன்னா, எந்தக் காரணம் போதுமானதுன்னு தீர்ப்புச் சொல்ற இடத்துக்கு நீங்க போயிடுவீங்க.

எங்கே உடையும்

இந்தத் திட்டம் ரெண்டு இடத்தில் உடையும். ஒண்ணு, புதுசா போடுற ஒருநாள் மீட்டிங். மறுபடி வர்றதை எல்லாம் அழகா மாத்திட்டு, வெளி டீம்காரங்க 6:30-க்கு ஒரு அழைப்பு அனுப்புவாங்க. இதுக்கு டீமில் எல்லார் காலண்டரிலும் அந்த நேரத்தை வேலை நேரத்துக்கு வெளியேன்னு குறிச்சு வைக்கணும். எல்லாரும் என்கிறது முக்கியம். ஒருத்தர் மட்டும் குறிச்சா மறுபடி அவர் தனியா தெரிவார். ஒன்பது பேர் குறிச்சா அது டீம் வழக்கம்.

ரெண்டாவது, சர்வர் படுத்துட்டா. அதுக்கு நோன்பு, பண்டிகைன்னு எதுவும் தெரியாது. ஆன்கால் பட்டியலை மாசம் தொடங்குறதுக்கு முன்னாடியே போட்டு, சாயங்காலம் 6 முதல் 7:30 வரைக்கும் ஒவ்வொரு நாளும் ரெண்டாவது ஒரு ஆள் எழுதி வச்சோம். அன்னைக்குப் பொறுப்பில் இருக்கிறவர் யாரா இருந்தாலும் சரி, அந்த நேரத்தில் பதினஞ்சு நிமிஷம் எழுந்து போகலாம்.

பெருநாளும் இதில் சேரும். மாதம் 29 நாளா 30 நாளான்னு பிறை பார்த்துதான் தெரியும், அதுவும் முந்தின நாள் ராத்திரி. 2025-ல் மார்ச் 31-ஆ ஏப்ரல் 1-ஆன்னு மார்ச் 30 ராத்திரி வரை உறுதி இல்லை. அதனால ரெண்டு நாளையுமே ரிலீஸ் இல்லாத நாளா போட்டோம். ஒரு நாள் வீணாச்சேன்னு நினைக்கலாம். வருஷக் கணக்கு முடியற நாளும் அதே மார்ச் 31 என்கிறதால, அந்த நாளில் புது ரிலீஸ் போடாம இருக்கிறது எப்படியும் நல்லதுதான்.

வேலை செய்யுதா இல்லையான்னு எப்படித் தெரியும்? யாரையும் கேட்க வேண்டாம். ரெண்டாவது வாரம் முடிவில் காலண்டரைத் திறந்து, 4:45-க்கு முடிய வேண்டிய மீட்டிங் எத்தனை தடவை 5 மணியைத் தாண்டுச்சுன்னு பாருங்க. ராத்திரி மீட்டிங்கில் முதல் பத்து நிமிஷம் கேமரா அணைஞ்சிருக்கா, தாமதமா வர்றாங்களான்னு பாருங்க. அப்படி இருந்தா 7:15 இன்னும் சீக்கிரம்னு அர்த்தம். எல்லாருக்குமா 7:30-க்குத் தள்ளுங்க.

இந்த வருஷத்துக்கு

போன வருஷ நேரத்தை அப்படியே நகல் எடுக்காதீங்க. இஸ்லாமிய ஆண்டு சந்திரனை வச்சு நகருறதால் ரமலான் ஒவ்வொரு வருஷமும் பத்துப் பதினொரு நாள் முன்னாடி வரும். 2026-ல் பிறையைப் பொறுத்து பிப்ரவரி 18 அல்லது 19-ல் தொடங்கும். சாம்பல் புதனும் பிப்ரவரி 18-தான். அமெரிக்கக் கடிகாரம் மாறுறது மார்ச் 8. ஆக இந்தத் தடவை நோன்பின் முதல் பாதிக்கு மேல பழைய நேரத்தில் ஓடி, கடைசிப் பாதியில் அந்த 6:30 பிரச்சினை வரும். 2027-ல் கடிகாரம் மாறுறது மார்ச் 14. அதுக்குள்ள ரமலான் முடிஞ்சிருக்கும், இந்தக் குறிப்பிட்ட சிக்கலே வராது. அப்போ வேற எது இடிக்குதுன்னு புதுசா பார்க்கணும்.

நீங்க டீம் லீடா இருக்கணும்னு அவசியம் இல்லை. காலண்டரில் திருத்த அனுமதி இருக்கிற எந்த எஞ்சினியரும் இதை முன்மொழியலாம். சொல்லப் போனா, நோன்பு வைக்காத ஒருத்தர் முன்மொழியறதுதான் நல்லது. நோன்பு வைக்கிறவர் கேட்டா அது ஒரு வேண்டுகோள், யாரோ ஒருத்தர் சம்மதிக்கணும். நீங்க எழுதினா அது ஒரு காலண்டர் திருத்தம், அவ்வளவுதான். இன்னைக்கே உட்கார்ந்து, மறுபடி மறுபடி வர்ற மீட்டிங்கை எண்ணுங்க. எந்த மீட்டிங் எந்த டைம் ஸோனில் பூட்டியிருக்குன்னு பாருங்க. பிப்ரவரி முதல் வாரத்துக்குள் முன்மொழிவை அனுப்பிடுங்க. கடைசி நாளில் அனுப்பினா, அதை எதிர்த்துச் சொல்ல வேண்டிய ஆளுக்கும் நேரம் இருக்காது.

உங்க டீமில் இதுக்கு வேற வழி வச்சிருந்தா எழுதுங்க. பேர் போடாம, இடம் போடாம. அடுத்த எபிசோடில் பார்ப்போம்.